காரணம் எழுத வேண்டாத கட்டம்

இத்தாலியில் ஒரு கன்னியர் மடத்தில் பதினோரு வருடம் இருந்தேன். அதில் பாதிக் காலம் எனக்கு வாசல் அறையில் வேலை. தபால் வாங்குவது, பார்சல் பிரிப்பது, சரியில்லாததைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது, கடைக்காரனோடு போனில் மல்லுக்கு நிற்பது. ஆயுள் முழுக்கத் துறவியாக இருப்பேன் என்ற நிரந்தர வார்த்தைப்பாடு கொடுக்கும் முன் மடத்தை விட்டுக் கடலூருக்குத் திரும்பிவிட்டேன். வந்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஏன் வந்துட்ட? அம்மா எனக்காக ஒரு பதில் வைத்திருந்தாள்: “ஒடம்புக்கு ஒத்துக்கல.” என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கோயிலுக்குப் போனால் ஒரு பார்வை, கல்யாணத்துக்குப் போனால் ஒரு பார்வை. எங்கள் பகுதியான முதுநகரில் என்னை உருப்படாதவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்த இத்தாலியம் சோறு போடுமா என்று அத்தை நேருக்கு நேராகவே கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

2011-இல் அந்த மொழிக்கு வேலை வந்தது. சிதம்பரத்தில் ஒரு துணிக்கடைக்காரர், மேசை விரிப்பும் தலையணை உறையும் இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார். கோயில் பார்க்க வந்த இத்தாலியர்கள் வாங்கிப்போய் ஊரில் சொல்ல, அங்கிருந்து ஆர்டர்கள் வந்தன. அதைவிட அதிகமாகக் கேள்விகள் வந்தன. பொருள் பிடிக்காவிட்டால் என்ன செய்வது, பணம் எப்போது வரும், யார் தபால் செலவு கொடுப்பது? இதற்கெல்லாம் பதில் சொல்லும் தம் ஆங்கிலப் பக்கத்தை அவர் கம்ப்யூட்டரிலேயே இத்தாலியமாக மாற்றிப் போட்டிருந்தார். அதற்கப்புறம் கேள்விகள் இரட்டிப்பாகிவிட்டன. எங்கள் தெரு பிரவுசிங் சென்டர்க்காரர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் போனேன். செம்மங்குப்பத்தில் ரசாயன ஆலை நாற்றத்துக்கு வழக்கம்போல எல்லோரும் ஜன்னலைச் சாத்தினார்கள். கடையில் ஏறியதும் அவர் முதலில் கேட்டது, என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவதா அக்கா என்று கூப்பிடுவதா என்றுதான். அக்கா போதும் என்றேன். பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு சொல்லும் இத்தாலியமாக இருந்தது. ஒரு வாக்கியமும் இத்தாலியமாக இல்லை.

ஆனால் உண்மையான கோளாறு ஆங்கிலத்திலேயே இருந்தது. அது ஏதோ ஒரு கடையின் பக்கத்தைப் பார்த்து எழுதியது. பிடிக்காததைத் திருப்புவது, கிழிந்து வந்ததைத் திருப்புவது, வேறு நிறம் மாற்றிக்கொள்வது, பணம் திரும்பப் பெறுவது எல்லாவற்றுக்கும் அவர் ரிட்டர்ன் என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தார். நான் ஒரு நோட்டில் நான்கையும் தனித்தனியாக எழுதினேன். மனம் மாறுவது ரெசெஸ்ஸோ, திரும்பி வரும் பொருள் ரெஸோ, மாற்றிக்கொள்வது காம்பியோ, பணம் திரும்புவது ரிம்போர்ஸோ. ஒரு சொல் ஒரு வேலைதான் செய்ய வேண்டும், பக்கம் முழுக்க மாறக்கூடாது. கிழிந்து வந்தால் தபால் செலவு கடையுடையது, மனம் மாறினால் வாங்கியவருடையது. இதுவரைக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

நாள் கணக்கில் முதல் தகராறு. அனுப்பிய தேதியிலிருந்து பதினைந்து நாள் என்று போட்டிருந்தார். சிதம்பரத்திலிருந்து பார்சல் போய்ச் சேரவே அவ்வளவு நாள் ஆகும். பெட்டியைத் திறக்கும்போது கெடு முடிந்திருக்கும். அப்போது இத்தாலியில் இருந்த சட்டப்படி, பொருள் கைக்கு வந்ததிலிருந்து பத்து வேலை நாள். இணையத்தில் தேடி அந்தச் சட்டத்தையும் நான்கைந்து இத்தாலியக் கடைகளின் பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். படித்துக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது தகராறு ஒரு கட்டத்தைப் பற்றி. பொருளைத் திருப்புகிறவர் நிரப்பும் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாவிட்டால் படிவம் போகாது. மனம் மாறித் திருப்புகிறவர் காரணம் சொல்லவேண்டியதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னேன். அவருடைய அப்பா காலத்துக் கடை அது. ‘விற்ற துணி திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்று பில்லிலேயே அச்சடித்த வம்சம்.

“என்னாக்கா இது, காரணம் கேக்காம எப்படிப் பணத்தைக் குடுக்கறது? நாளைக்கு ஊரே திருப்பி அனுப்பும்.”

“விருப்பம் இருந்தா எழுதட்டும் தம்பி. எழுதித்தான் ஆவணும்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல.”

என் குரல் உயர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் மேசை விரிப்புக்காக மட்டும் சண்டை போடவில்லை.

கடைசியில், நட்சத்திரம் இல்லாமல் மூன்று மாதம் பார்ப்போம் என்றார். திருப்பி அனுப்புவது ஜாஸ்தியானால் பழைய பக்கத்தையே போட்டுவிடுவாராம். அப்படி நடந்தால் என் மொழி உதவாது என்று ஊர் சொல்வது ஊர்ஜிதமாகிவிடும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது நாள் எழுதினேன். கரண்ட் இருக்கும் நேரம் பிரவுசிங் சென்டர், இல்லாத நேரம் நோட்டு. கேள்விகளை வாங்குகிறவர் வாயால் கேட்பதுபோல எழுதினேன்: நான் மனம் மாறினால் என்ன செய்யலாம்? எனக்குப் பணம் எப்போது வரும்? பதில்களை மரியாதையான விளிப்பில், சின்ன வாக்கியங்களில். பத்து வேலை நாள் என்பதைக் குழப்பமில்லாமல் சொல்ல ஓர் உதாரணம் சேர்த்தேன்: இடையில் விடுமுறை இல்லாவிட்டால், திங்கட்கிழமை பார்சல் வந்தால் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை வரை தெரிவிக்கலாம். பதிவுத் தபால் வேண்டாம், மெயில் போதும். தெரிவித்த முப்பது நாளுக்குள், எந்தக் கார்டில் கட்டினாரோ அதே கார்டுக்குப் பணம் போகும். பிறகு அந்த வாக்கியம்: காரணம் எதையும் விளக்க வேண்டியதில்லை. அதை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினோரு வருடத்தில் நான் கற்ற இத்தாலியத்தில் அதைவிட நல்ல வாக்கியம் எழுதியதில்லை.

இரண்டாவது மாதம் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. பார்சல் ஒன்று திரும்பி வந்திருக்கிறது, வந்து பாருங்க என்றார். குரலில் எழவு வீட்டுச் சாயல். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

கடையில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி வாடிய முகத்தோடு நின்றார்கள். உள்ளே ஒரு மாம்பழ நிற விரிப்பு, அனுப்பிய மடிப்பு கலையாமல் இருந்தது. மேலே, நிரப்பி அச்செடுத்து வைத்த நான் எழுதிய படிவம். ஆர்டர் எண் சரி. பொருள் கிடைத்த தேதி சரி. மெயில் போட்டது ஏழாவது வேலை நாள். ரெசெஸ்ஸோ என்ற இடத்தில் டிக், ரிம்போர்ஸோ என்ற இடத்திலும் டிக். எங்கோ ஒரு சமையலறை மேசையில் உட்கார்ந்து, யாரையும் ஒரு சந்தேகமும் கேட்காமல், என் வாக்கியங்களை மட்டும் நம்பி ஒரு பெண் இதைச் செய்து முடித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அத்தனை பெருமை. காரணக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வாங்கிய பணத்தை அவளுடைய கார்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

“ஒண்ணுதான்க்கா வந்திருக்கு. கேள்வி மெயிலும் கொறஞ்சி போச்சி. பக்கம் இருக்கட்டும்,” என்றார். விரிப்பை உதறிப் பார்த்து, கறை இல்லை என்று கண்டதும் மடித்து மறுபடி அலமாரியில், மற்ற விரிப்புகளோடு வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வந்திருந்தாள். உறவுக்காரி ஒருத்தியும் கூட. காப்பி குடித்துக்கொண்டே அந்த உறவுக்காரி, இத்தனை வருசம் இருந்துட்டு ஏம்மா வந்துட்ட என்று ஆரம்பித்தாள். அம்மா வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தாள். நான் அவள் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

“காரணம் சொல்லணும்னு இல்லங்க,” என்றேன்.

கோபமே வரவில்லை. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு காப்பி கலக்க எழுந்து போனாள்.