மாமனார் பேரில் ஒரு ரசீது

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து விற்கும் சங்கிலிப்பாண்டிக்கு சர்க்கரை வியாதி கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே வியாதி சகலை பொன்னுராஜ்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பொன்னுராஜ் புதுச் சட்டை போட்டால் இங்கே சங்கிலிப்பாண்டிக்கு உடம்பு அரிக்கும். அவர் ஸ்கூட்டர் வாங்கிய வாரம் இவருக்கு இட்லி தொண்டைக்குள் இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றித் தள்ளவேண்டியிருந்தது.

தொண்ணூறாம் வருசத்துப் பொங்கலுக்கு, தேவதானத்தில் மாமனார் முத்துவீரன் வீட்டில் பந்தி நடக்கும்போது பொன்னுராஜ் வாயைத் திறந்தார்.

"கண்ணாஸ்பத்திரி டிரஸ்டுக்குப் பத்தாயிரம் குடுத்தேன் மாமா. ரசீதை ஆடிட்டர் ஆபீஸ்ல நீட்டுனேன். அதுல பாதியை என் வருமானத்துலயே கழிச்சுட்டாவ. புண்ணியத்துக்குப் புண்ணியம், வரியிலயும் கொறச்சல்!"

மாமனார் பூரித்துப்போய், "மூத்த மருமகனுக்கு இன்னொரு கரண்டி நெய் ஊத்துட்டி" என்று மாமியாரிடம் சொன்னார். அந்த நெய் பொன்னுராஜ் இலையில் விழுந்தது. எரிந்தது சங்கிலிப்பாண்டியின் வயிறு. திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு டீசலே தேவைப்பட்டிருக்காது, அவரை இன்ஜினில் வைத்திருந்தால் ராஜபாளையம் வந்திருக்கும்.

அடுத்த மாசமே அதே டிரஸ்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கு செக் எழுதினார். அதோடு நின்றிருக்கலாம். சகலையை ஒரேயடியாகச் சாய்க்கவேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. "ரசீதை எங்க மாமனார் முத்துவீரன் பேர்ல போடுங்க" என்றார். ரசீது போடுகிறவரும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ரசீதைக் கண்ட மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் சொந்தப் பிள்ளைகூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டான்" என்று கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவே மாட்டிவிட்டார். சங்கிலிப்பாண்டி ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வருமான வரிக் கணக்குப் போடும் சமயம் வந்தது. சகலைக்குக் கணக்குப் பார்க்கும் அதே ஆடிட்டர் ஆபீஸில், கிளார்க் சந்தனம் முன்னால் ஜெராக்ஸை வைத்தார்.

"சகலைக்கு எம்புட்டுக் கழிச்சீங்க?"

"அடுத்தவுக பைலைக் கேக்கக் கூடாது அண்ணாச்சி."

"அஞ்சாயிரம்னு அவரே தமுக்கு அடிச்சிட்டாருல்ல. எனக்கு ஏழாயிரத்து ஐந்நூறு வரணும். எழுதுங்க."

சந்தனம் எழுதத் தொடங்கினார். டிரஸ்ட் பேர், தொகை, தேதி. நம்பருக்கு வந்ததும் சங்கிலிப்பாண்டியே விரலை வைத்தார். "இந்தா இருக்கு நம்பர்."

"அது டிரஸ்டைப் பதிவு பண்ணுன நம்பர். நமக்கு வேண்டியது, நன்கொடையை வருமானத்துல கழிக்கலாம்னு வரி கமிஷனர் குடுத்த எண்பது ஜி உத்தரவு நம்பர். கீழ சின்ன எழுத்துல இருக்கு பாருங்க." அதையும், அந்த உத்தரவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பார்த்து எழுதினார். "தேதி சரி, நம்பர் சரி, தொகை சரி." பேனா நின்றது. "முத்துவீரன் யாரு?"

"எங்க மாமனார்."

"அப்ப குடுத்தவர் அவருல்லா."

"செக்கு என்னோடதுய்யா!"

"ரசீது அவர் பேர்ல இருக்கே. உங்க கணக்குல கழிக்க ஏலாது."

"சரி, அவர் கணக்குலயாவது கழிங்க."

"அவருக்குத் தென்னந்தோப்பும் வயலும்தானே? வெவசாய வருமானத்துக்கு வரியே இல்ல, எதுல கழிக்க?"

சங்கிலிப்பாண்டியின் முகம் அவர் நெய்த பேண்டேஜைவிட வெளுத்துவிட்டது. சந்தனத்துக்கே பாவமாகிப்போனது. "ஒரு வழி இருக்கு. அசல் ரசீதை டிரஸ்டுல திருப்பிக் குடுங்க. செக்கு உங்களோடதுன்னு காட்டுனா, அதை ரத்துப் பண்ணிட்டு உங்க பேர்ல வேற போட்டுத் தருவாக."

அன்று மத்தியானமே தேவதானத்துக்கு பஸ் ஏறினார். மாமனாரிடம் என்ன பொய் சொல்லி சட்டத்தைக் கழற்றுவது என்று வழியெல்லாம் யோசித்து, ஏழெட்டுப் பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தார்.

வாசலில் பொன்னுராஜின் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே போனால், பொன்னுராஜ் சுவருக்கு முன்னால் நின்று ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கோணியிருந்தது. கண்ணாடி உருகி வழியாதது ஆச்சரியம்.

"வாங்க சகலை," என்றார் பொன்னுராஜ், குரலே எழும்பாமல். "மாமா காலையில இருந்து இதைப் பத்தியே பேசுதாரு. எனக்கு இது தோணாமப் போச்சே."

சங்கிலிப்பாண்டிக்கு நெஞ்சுக்குள் ஐஸ் வைத்தது போலிருந்தது. தன் வியாதியை அடுத்தவர் முகத்தில் பார்ப்பது இத்தனை சுகமா! ஏழெட்டுப் பொய்யும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டன.

பொன்னுராஜ் தணிந்த குரலில் சொன்னார். "நானும் இருபதாயிரம் குடுக்கலாம்னு இருக்கேன். அத்தை பேர்ல. வரியிலயும் கொறையும் பாருங்க."

வாய் வரைக்கும் வந்த உண்மையை சங்கிலிப்பாண்டி தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

"செய்ங்க சகலை, செய்ங்க," என்றார், அவர் தோளைத் தட்டி. "அத்தை பேரை நல்லாக் கொட்டை எழுத்துல போடச் சொல்லுங்க. ஏன் இருபதோட நிக்கணும்? முப்பதாக் குடுங்க!"