வருடப் பராமரிப்பு என்று ஒரு வரி

இரண்டே பக்கம். அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. உத்தமபாளையத்தில் நாலு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் உறுப்பினர் விவரங்களை இணையதளமாகப் போட நினைத்தது. கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண், கம்ப்யூட்டர் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தத் திட்டத்தில் மொத்தம் ஆறு வாரம் என்று எழுதினேன். படிவம் வாங்க இரண்டு வாரம், தளம் கட்ட இரண்டு, விவரம் ஏற்ற ஒன்று, சரிபார்க்க ஒன்று. செய்து கொடுக்கப் பன்னிரண்டாயிரம். பிறகு ஆண்டுதோறும் ஐயாயிரத்து ஐநூறு. தளத்தின் பெயரைப் புதுப்பிக்க ஐநூறு, சர்வர் வாடகை இரண்டாயிரம், நம்பர் மாறியவர்களுடையதைத் திருத்தவும் நகல் எடுத்து வைக்கவும் மூவாயிரம். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: போன் நம்பரும் முகவரியும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரும் உறுப்பினர்களுக்கு மட்டும் தெரியும்.

அந்த வரியைப் பெண்களுக்காகத்தான் எழுதினேன். கமிட்டியில் வைப்பதற்கு முன்பே, கல்யாணமாகிப் போனவர்களின் வீடு தேடி பஸ் பஸ்ஸாக ஏறி, நாற்பத்து மூன்று பேரிடம் படிவம் வாங்கினேன். காபி கொடுத்தார்கள், பிள்ளைகளின் மார்க் சீட்டைக் காட்டினார்கள், நம்பர் என்றதும் மட்டும் பேனா நின்றது. "இத யாரு யாரு பாப்பாக?" என்று எல்லாருமே கேட்டார்கள். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

அதில் ஒருத்தி பத்தாம் வகுப்பில் எனக்கு அடுத்து உட்கார்ந்தவள். புருஷன் அடித்த அடியில் கை முறிந்து, மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவிலிருந்து ஓடி வந்தவள். அனுமந்தன்பட்டியில் தம்பி வீட்டில் இருந்துகொண்டு, திராட்சைத் தோட்டத்தில் பெட்டி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். புது நம்பர் வாங்கியிருந்தாள், வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் கொடுத்ததில்லை. "நம்ம பிள்ளைகளுக்கு மட்டுந்தானடி?" என்றாள். "ஆமாடி, சத்தியமா" என்றேன். படிவத்தை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக எழுதிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கமிட்டி கூடியது. பெரிய ஆட்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஏலக்காய் வியாபாரி. முதல் பக்கத்தைப் பார்த்ததும், "பன்னெண்டாயிரம் என் பொறுப்புத்தா. மொதப் பக்கத்துல உபயம்னு எங்கய்யா பேரப் போட்டுரு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வகுப்பறையின் டியூப்லைட்டில், மின்விசிறியின் இறக்கையில், தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில் எல்லாம் உபயம் எழுதியிருக்கும் ஊர் இது. இணையதளத்தை மட்டும் சும்மா விடுவார்களா?

இரண்டாம் பக்கம் வந்ததும் கைதட்டல் ஓய்ந்தது. செயலாளர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எங்கள் எல்லாரிடமும் வருடா வருடம் பிரீமியம் வாங்குகிற மனுஷன் அவர். அவரே கேட்டார்: "அதென்ன தங்கச்சி, வருசா வருசம்? கட்டி முடிச்சாச்சு, அப்புறம் என்ன செலவு?"

"எடம் வாடகைக்கு எடுக்குற மாதிரிண்ணே. வாடகை நின்னா சாமான எடுத்து வெளிய வச்சிருவாக."

"அதுக்கு உபயம் போட முடியுமா?"

"முடியாதுண்ணே."

"அப்ப எவன் குடுப்பான்?"

அடித்துச் சொன்னால் இதுதான் விஷயம். டியூப்லைட்டுக்கு உபயம் உண்டு, கரண்டு பில்லுக்கு உபயம் கிடையாது. பில்லின் மேல் யார் பெயரை எழுதுவது? "ஆனை வாங்குனவுக அங்குசத்துக்கு அழுவாகளாண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். தலைவர் சிரித்தாரே ஒழிய இளகவில்லை. யாரோ ஒருவரின் மகன் சென்னையில் இருக்கிறானாம், ஓசியில் இடம் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன என்று போனில் சொன்னானாம். இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த ஓசி இடங்களில் வெறும் பக்கங்களைத்தான் போட முடியும். பாஸ்வேர்டு வாசல் வைக்க முடியாது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரு பெயரைத் தட்டித் தேடினால் நம்பரும் முகவரியும் வந்து நிற்கும்.

இதைச் சொன்னேன். "பாத்தா என்னத்தா, நல்லதுதான, ஊரு பாக்கட்டும்" என்றார் தலைவர். செயலாளர் பேனாவை எடுத்து இரண்டாம் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். தீர்மானம் நிறைவேறியது. டீ வந்தது. எனக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை. வேலையை உதறியிருக்கலாம். அந்த மாதக் கடை வாடகை நினைவுக்கு வந்தது, உதறவில்லை.

ஆனால் கோபம் மட்டும் தீரவில்லை. கடைக்கு வந்து நாற்பத்து மூன்று படிவங்களையும் கவரில் போட்டு ஒட்டினேன். ஆம்பளைகளை மட்டும் வருஷ வாரியாக ஏற்றினேன். போட்டோவும் நம்பரும் போட்டேன், உச்சியில் தலைவரின் அப்பா. ஆறு வாரம் என்றது பதினொரு வாரம் ஆனது. சங்கத்தின் ஆண்டு விழாவில் திரையில் காட்டினோம். பொம்பளைகள் எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கேட்க ஒருத்தி வந்தாள். இரண்டு வாரம் கழித்து, தோட்ட வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். "எம் பேரக் காமிடி" என்றாள்.

எங்கள் வருஷத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழே வரை படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

"பொம்பளைகள எடுத்துட்டேன்டி. பூட்டுப் போட முடியல. உன் நம்பர எவனும் பாக்கக் கூடாதுன்னுதான்."

"பேரு?"

பேரைப் போட்டிருக்கலாம். பேரை மட்டும் போட்டிருந்தால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த பெயரே போதும், ஊர் வேண்டாம், நம்பர் வேண்டாம். இத்தனை பேரிடம் போய் வாக்குக் கொடுத்த எனக்கு, கமிட்டி மேல் இருந்த ஆத்திரத்தில் இது தோன்றவே இல்லை. தூ, என்ன புத்தி எனக்கு!

"அப்ப நான் அங்கன படிக்கவே இல்லையாடி?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கவரைக் கிழித்தேன். நாற்பத்து மூன்று பெயரையும் தட்டி, பக்கத்தை ஏற்றி, திரும்பத் திறந்து காட்டினேன். அவள் பெயர் வந்திருந்தது. திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்பரு?"

"போடலடி. உம் புருசன் பாத்தா?"

"போடு."

"பைத்தியமாடி உனக்கு?"

"அவன் வந்தா வரட்டும். இத்தன பேரு இருக்காகல்ல, எவளாச்சும் ஒருத்தி கூப்புட்டு, எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாளா? போன் வாங்கி எட்டு மாசமாச்சு. தம்பி பொண்டாட்டிதான் கூப்புடுறா, வரும்போது மாவு வாங்கிட்டு வான்னு."

எனக்குக் கை வரவில்லை. அவள் பெயருக்கு எதிரே என் கடை நம்பரைப் போட்டேன். அவளிடம் சொன்னேன், சரி என்றாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கடையையே மூடும்வரை அந்தப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன், ஒரு பைசா வாங்காமல். ஆம்பளைகள் நம்பர் மாற்றினால் எனக்குத்தான் போன் போட்டு, "மாத்திருத்தா" என்றார்கள். மாற்றினேன், முனகிக்கொண்டே. அவளைக் கேட்டு அந்த இரண்டு வருஷத்தில் இரண்டே போன். முதலில் பேசியது ஒரு ஆம்பளை. பெயர் சொல்லவில்லை, மலையாளம் கலந்து பேசினான். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டேன். அடுத்தது எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவள், திருப்பூரிலிருந்து. அவளுக்கு நம்பரைக் கொடுத்துவிட்டு, உடனே கூப்பிடுடி, இப்பவே கூப்பிடு என்று கெஞ்சினேன்.