ஆறு மில்லிமீட்டர்

தையல்கார அக்காவுக்கு அளவு தவறினால் பொறுக்காது. அன்று அதிகாலை தம்பி எழுந்து நின்ற உடனே சுவரோரம் நிறுத்தி நாடா பிடித்தாள். நூற்று அறுபத்தைந்தரை சென்டிமீட்டர். தீயணைப்பு வேலைக்கு நூற்று அறுபத்தைந்து போதும்.

"கிடங்குக்குப் போயிட்டு, ஆஸ்பத்திரிக்கு உடல் தகுதிப் பரீட்சைக்கு வந்துடு. பத்து வருஷமா லீவு போடாதவன்னு பேர் எடுத்திருக்க" என்றாள்.

ஐம்பது கிலோ மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கிவிட்டு, முதுகு வியர்வை காயாமல் பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் வந்து நின்றான். நர்ஸம்மா அளவுகோலை அவன் தலையில் வைத்து அழுத்தினாள்.

"நூத்தி அறுபத்திநாலு புள்ளி நாலு. ஆறு மில்லிமீட்டர் கம்மி."

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "அம்மா, காலையில நானே அளந்தேனே! என் நாடா பொய் சொல்லாது!"

"இந்தக் கோலும் பொய் சொல்லாதுங்க" என்ற நர்ஸம்மா, அவன் தோளைப் பார்த்தாள். சட்டையில் சாக்குத் தூசி. "இப்ப எங்கேருந்து வர்றீங்க?"

"மூட்டை தூக்கிட்டு."

"அடப்பாவி! பரீட்சைக்கு வர்ற அன்னிக்கா?"

தலையைக் குனிந்துகொண்டது தம்பி இல்லை, அக்கா. லீவு போடாதவன் என்ற தன் பெருமையே அவன் வேலைக்கு உலை வைத்துவிட்டதே என்று நினைத்தாள்.

உள்ளேயிருந்து வந்த டாக்டர் விஷயத்தைக் கேட்டார். "முதுகெலும்புக்கு நடுவுல பஞ்சு மாதிரி தட்டுங்க இருக்கு. சுமை ஏறினா அதுல இருக்கிற நீர் பிதுங்கும், உயரம் குறையும். படுத்தா திரும்ப ஊறும். எல்லாருமே காலையில எழும்போது உயரம், ராத்திரி கொஞ்சம் குட்டை. ஆறு வாரம் படுக்கையில கிடந்த ஒருத்தர், போன மாசம் எழுந்ததும் 'நான் வளர்ந்துட்டேன்'னு சொன்னார். நடமாட ஆரம்பிச்சதும் இறங்கிட்டார்."

"சாமி, என் தம்பிக்கு?"

"அதே நாள்ல மறுபடி அளக்க விதியிருக்கு. படுக்கச் சொல்லுங்க. இழந்தது முழுசும் ஒரு மணி நேரத்துல வராது, பெரும்பகுதி வரும்."

மூலையிலிருந்த கட்டிலில் அவன் மல்லாந்தான். நர்ஸம்மா கெண்டைக்கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்தாள். பத்து வருஷத்தில் பகலில் அவன் படுத்து அக்கா பார்த்ததேயில்லை. ஐந்தே நிமிஷத்தில் குறட்டை. அக்கா மட்டும் கடிகார முள்ளை நகர்த்திவிடுகிறவள்போல் பார்த்தபடி இருந்தாள்.

ஒரு மணி நேரம் ஆனதும், "எழுந்து நேரா இங்க வாங்க. நடையெல்லாம் வேண்டாம்" என்றாள் நர்ஸம்மா.

கோல் இறங்கியது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு புள்ளி ஒண்ணு."

டாக்டர் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா நர்ஸம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா, நான் கட்டிலைத்தான் காட்டினேன். ஊறினது அவர் முதுகு."

அளவுகோலடியிலேயே அசையாமல் நின்றிருந்த தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டான்: "இப்ப நான் நடக்கலாமாக்கா?"

"நட ராசா. எழுதியாச்சு. இனி குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகட்டும்."