மந்திரித்த மடிக்கணினி

கட்டட வரைபடப் படிப்பில் அன்ரோனெற்றுக்கு இடம் கிடைத்ததும், பிரான்சில் சமையற்கட்டு வேலை செய்யும் அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் மடிக்கணினி அனுப்பினான். எட்டு ஜிபி மெமரியாவது வேணுமென்று அவள் எழுதியிருந்தாள். அண்ணனோ பெட்டியில் கொட்டையெழுத்தில் நின்ற "1 TB"யைக் கண்டதும் மனம் குளிர்ந்து அதையே தூக்கிவிட்டான். பெரிய எண்ணைக் கண்டால் விடாத குடும்பம் அது.

அம்மா கத்தரின் இன்னும் ஒரு படி மேல். மகள் தொடுவதற்கு முன்பே ஓலைத்தொடுவாய்க் கோயிலுக்குக் கொண்டுபோய், புது வள்ளத்தை மந்திரிப்பதுபோல் ஃபாதரைக் கொண்டு மந்திரித்து, மூடியில் மடு மாதா படமும் ஒட்டிவிட்டார்.

வீடொன்றை முப்பரிமாணத்தில் வரையத் தொடங்கியதும் கணினி மூச்சுவிட மறந்தது. கூரை தெரிந்தால் சுவரைக் காணோம். ஒப்படைக்க வேண்டிய முதல் வரைபடம் பாதியில் தொங்கியது. அவள் மன்னார் நகரில் கணினி திருத்தும், அண்ணன் முறையில் 'நானா' என்று அவள் அழைக்கும் அகீலிடம் ஓடினாள். அவன் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"ஹாட் டிஸ்க் பெரிசு தங்கச்சி. ஆனா மெமரி நாலு ஜிபி, அதுவும் போர்டில ஒட்டினது. கூட்டிப் போட ஸ்லொட் இல்லை. ப்ரோசெஸரும் சின்ன வேலைக்கு உள்ளது."

"டிஸ்க்கில அவ்வளவு இடம் கிடக்குதே, நானா?"

"ஐஸ்பெட்டி பெரிசெண்டு மீன் வெட்டுற பலகை பெரிசாகுமோ? மெமரிதான் பலகை. அது நிறைஞ்சா மிச்சத்தை டிஸ்க்கிலதான் வைச்சு வைச்சு எடுக்கும், அதுதான் இழுக்குது. எஸ்எஸ்டி எண்ட வேகமான டிஸ்க் போட்டா கொஞ்சம் கெதியா இருக்கும். உங்கட வரைபடத்துக்குக் காணாது."

அலுமாரியிலிருந்து கந்தோர் அலுவலில் பாவித்த பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து வைத்தான். ஐ5 ப்ரோசெஸர், எட்டு ஜிபி, இன்னும் கூட்ட ஒரு ஸ்லொட், எஸ்எஸ்டி. அவளுடைய வரைபடம் அதில் கூரையும் சுவருமாய் எழுந்து சுழன்றது. "உங்கடதைத் தந்திட்டு இதை எடுங்கோ" என்றான்.

வீட்டில் அதைச் சொன்னதும் அம்மா கையை உதறினார். "மந்திரிச்ச சாமானை ஆருக்கும் குடுக்கிறதோ? அதுவும் புதுசைக் குடுத்துப் பழசை வாங்கிறதோ? அண்ணன் கேட்டா மனம் நொந்துபோவான். வாய் திறக்காதை."

அன்று பின்னேரமே அண்ணன் வீடியோவில் வந்தான். அம்மா தோளோடு தோளாய் வந்து குந்தினார்.

"என்னடி, நல்லா ஓடுதோ?"

கூரையில்லாத வீடு அவள் கண்ணுக்குள் நின்றது. பக்கத்தில் அம்மாவின் மூச்சு கேட்டது. "ஓம் அண்ணா, நல்லா ஓடுது."

"அப்பாடா! கூட வேலை செய்யிற பெடியன் மெமரிதான் முக்கியமெண்டு சொல்லிப் பயமுறுத்தினவன். அதுதான் பதினாறு ஜிபியில வேறொண்டு வாங்கி வைச்சனான், நீ குறை சொன்னா அனுப்புவமெண்டு. இனித் தேவையில்லை, நாளைக்குத் திருப்பிக் குடுத்திடுறன்."

இப்போது உண்மையைச் சொன்னால் பொய்க்காரி, சொல்லாவிட்டால் படிப்பே போச்சு. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொலைபேசியை வாங்கி, "எல்லாம் மாதாவின்ர கிருபை, மகன். நாளைக்கே குடுத்திடு" என்றார்.