நெட்டச்சியை வெட்டிய நாள்

லேத்காரரின் மனைவி உடன்பிறந்த ஐந்து பெண்களில் நடுவள். அவளுக்கு மறதி வந்தபோது நினைவிலிருந்து உறவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. முதலில் மருமகன் போனான், பிறகு பேரப்பிள்ளைகள், பெற்ற மகள். கடைசியில் லேத்காரரும் போனார். ஒரு நாள் காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "தம்பி, நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டாள். பட்டறையில் இரும்பைக் கடைந்து காய்ந்துபோன மனுஷன், அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் குழாயடியிலேயே நின்றுவிட்டார்.

ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. மொட்டைமாடியில் பெரிய தொட்டியில் அவள் வளர்த்த கறிவேப்பிலைச் செடி. ஒற்றைத் தண்டாக ஆளுயரத்துக்குப் போயிருந்ததால் அதற்கு நெட்டச்சி என்று பேர் வைத்திருந்தாள். பேசுவதெல்லாம் அதனிடம்தான்.

அதைப் பார்க்கப் படியேறிப் போய் ஒரு நாள் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள். லேத்காரர் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுத் தொட்டியை இறக்கி, அவள் கட்டிலுக்கு எதிரே ஜன்னலோரம் வைத்தார். படுத்தபடியே பார்க்கலாம். செடியின் உச்சி ஜன்னலின் மேல்கம்பிக்கும் மேலே நின்றது.

அங்கே பிடித்தது வினை. அந்த ஜன்னலுக்கு வெளிச்சம் வரும், வெயில் வராது. அதோடு, தண்ணீர் ஊற்றியதை அவள் மறந்துவிடுவாள். சொம்பை வைத்த கை ஈரம் காயுமுன், "பாவம், தொண்டை வறண்டு நிக்கிறா" என்று மறுபடி ஊற்றுவாள். ஊற்றுகிற நேரத்தில் முகம் அமைதியாக இருக்கும். அதைக் கெடுக்க லேத்காரருக்கு மனசு வரவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தபோது கடைக்குட்டி வந்தாள், அவளுடைய கடைசித் தங்கச்சி. வீடு முழுக்கத் தொட்டி வைத்திருப்பவள். மண்ணுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள்.

"அத்தான், செடி வளக்குறீங்களா, மீன் வளக்குறீங்களா?"

"உங்க அக்காகிட்ட கேளு."

"அவ ஊத்துவா. உங்களுக்குமா மறதி? வேரு அழுகி நாத்தம் அடிக்குது. இப்படியே விட்டா இந்த மாசம் தாண்டாது."

"என்ன செய்யணும்?"

"மண்ணை மாத்தணும், வெயில்ல வைக்கணும், பாதிக்கு வெட்டணும்."

"வெட்டறதா?"

"அழுகின வேரை எடுத்தா, மிச்ச வேரு இவ்வளவு உயரத்துக்கு எப்படித் தண்ணி தூக்கும்? வெட்டினா பக்கத்துல துளிர் வெடிக்கும், புதராகும். நீங்க ரெண்டு பேரும் இலை இலையா உருவி உருவித்தான் இது கொக்கு மாதிரி நிக்குது. நுனியோட ஒடிச்சிருந்தா எப்பவோ கிளைச்சிருக்கும்."

அக்கா தூங்கும்போது தொட்டியை மாடிக்கு ஏற்றினார்கள். வேர்கள் பாதி கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தன. கடைக்குட்டி அவற்றை நறுக்கிவிட்டு, தொட்டியின் அடைபட்டிருந்த அடி ஓட்டைகளைக் குத்தித் திறந்து, அவை மறுபடி அடைக்காதபடி மேலே உடைந்த பானையின் ஓட்டாஞ்சல்லி போட்டாள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நட்டாள். கத்தரியை லேத்காரர் கையில் கொடுத்து, முழங்கால் உயரத்தில் ஓர் இலைக்காம்புக்குச் சற்று மேலே காட்டினாள். எத்தனையோ இரும்பை வெட்டியவர் அந்த இடத்தில் இரண்டு தடவை கத்தரியை வைத்து எடுத்து, பிறகுதான் வெட்டினார்.

"கொஞ்ச நாள் நிழல்ல இருக்கட்டும். அப்புறம் காலை வெயில், அப்புறம் முழு வெயில். மேல்மண்ணு காஞ்சாத்தான் தண்ணி. சொல்லிட்டேன்."

கீழே அக்கா கண் விழித்து, வெறும் ஜன்னலைப் பார்த்தாள். "நெட்டச்சி எங்க?"

"மாடிக்குப் போயிருக்கா. வந்துடுவா."

தினமும் கேட்டாள். தினமும் அதே பதில். ராத்திரிச் சோற்றைத் தள்ளிவிட்டாள்.

கறிவேப்பிலைக்கு ஏற்ற வெயில் காலம், செடி ஏமாற்றவில்லை. வெட்டுக்குக் கீழே கணுக்கணுவாகத் துளிர் கிளம்பியது. கிளைகள் நீண்டதும் லேத்காரர் நுனிகளைக் கிள்ளினார், ஒன்று இரண்டாயிற்று. அடர்ந்து, கரும்பச்சையில் குடை மாதிரி நின்றது. இத்தனை அழகாக அது ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு சாயங்காலம் மறுபடி பக்கத்து வீட்டுக்காரரோடு இறக்கிக் கட்டிலுக்கு முன்னால் வைத்தார்.

"யாரு வந்திருக்கா பாரு."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இது யாரு வீட்டுச் செடி, தம்பி?"

"உன்னோடதுதான். நெட்டச்சி."

"பொய் சொல்லாத. எங்க நெட்டச்சி அந்தக் கம்பிக்கு மேல நிப்பா."

ஓர் இலையைக் கசக்கி மூக்கருகில் நீட்டினார். கண்ணை மூடி முகர்ந்தாள்.

"நல்ல வாசம். நல்லா வளத்திருக்காங்க. அவங்க தேடுவாங்க, குடுத்துட்டு வந்துடு."

மறுநாள் தொட்டி மாடிக்கே போயிற்று. நுனி கிள்ளும்போதெல்லாம் லேத்காரர் ஒரு கிளையை மட்டும் விட்டுவிடுகிறார். அது கம்பி உயரத்துக்கு வரட்டும் என்று. வரும், வெயில் இருக்கிறது. ஆனால் கீழே ஜன்னலைப் பார்த்துப் படுத்திருப்பவள் இப்போதெல்லாம் நெட்டச்சி எங்கே என்றுகூடக் கேட்பதில்லை.