தட்டுக்கு முப்பத்தேழு ரூபாய் பத்துக் காசு

என்னைத் திருடன் என்று சொன்னது என் சொந்த அண்ணன். பிரியாணிக் கணக்கில்.

எங்கள் இருவர் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காதுகுத்து வைத்தோம். இருநூறு பேர். சாமான் வாங்கியது நான். சீரகச் சம்பா இருபத்து நாலு கிலோ, முப்பது ரூபாய் வீதம் எழுநூற்று இருபது. ஆட்டுக்கறி முப்பது கிலோ, நூற்றிருபது வீதம் மூவாயிரத்து அறுநூறு. எண்ணெய், வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, தயிர், மசாலா எல்லாம் ஆயிரத்து நானூற்று எண்பது. சமையல் கூலியும் விறகும் ஆயிரத்து இருநூறு. மொத்தம் ஏழாயிரம், தட்டுக்கு முப்பத்தைந்து.

பந்தியில் என் மாமனார் உட்கார்ந்திருக்க, அண்ணன் சொன்னான்: "தட்டுக்கு முப்பத்தஞ்சா? நான் இருபத்தெட்டுக்குள்ள முடிச்சிருப்பேன். நடுவுல எவனோ தின்னுருக்கான்."

எவனோ என்றுதான் சொன்னான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதற்கப்புறம் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் சாமான் வாங்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

மறு வருஷம் அண்ணன் மூத்த மகள் சடங்கு. அதே இருநூறு பேர். விலைவாசியும் பெரிதாக ஏறவில்லை. சிம்மக்கல் கடைத்தெருவில் பார்த்தபோது அண்ணன் கணக்குச் சீட்டை நீட்டினான். மற்றதெல்லாம் போன வருஷத்து என் கணக்கேதான். கறிக்கு மட்டும், "உசிரோட ரெண்டு ஆடு. தராசுல முப்பது கிலோ. கிலோ எழுவது. தட்டுக்கு இருபத்தேழரைதான் வருது, பாத்துக்க."

ஆட்டை உரித்துத் தலை, கால், குடல், தோல் கழித்தால் பாதிகூடக் கறி தேறாது. பிறந்ததிலிருந்து டவுனில் இருக்கிறவனுக்கு அது தெரியவில்லை. சொந்தத்து விசேஷங்களுக்கெல்லாம் சாமான் வாங்கிப் பழகிய எனக்குத் தெரியும். "நல்லதுண்ணே" என்று சொல்லிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

சடங்கன்று காலை ஆடுகளை உரித்ததும் கோரிப்பாளையத்துச் சமையல்கார பாய் கறியை நிறுத்தார். பதினாலு கிலோ. "அண்ணே, இம்புட்டுக் கறிய வச்சு இருபத்து நாலு கிலோ அரிசிய வடிச்சா குஸ்காதான் வரும்" என்றார்.

அண்ணன் என்னிடம்தான் ஓடி வந்தான். "டேய், கறிக்கடைக்குப் போயிட்டு வாடா."

போனேன். பதினாறு கிலோ, நூற்றிருபது வீதம். சந்தோஷமாகவே போனேன். ரசீதையும் கேட்டு வாங்கினேன்.

முதல் பந்தியில் அதே சொந்தங்கள், என் மாமனாரும். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

"அண்ணே, உன் சீட்டுல அஞ்சாயிரத்து ஐநூறு. கறிக்கடையில கூட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவது. தட்டுக்கு முப்பத்தேழு ரூவா பத்துக் காசு. போன வருஷத்துக்கு ரெண்டு ரூவாக்கு மேல கூட. நடுவுல எவன் தின்னான்?"

"தலை, குடலெல்லாம் இருக்குல்லடா" என்றான் மெதுவாக.

"அத யாரு தட்டுல வச்ச?"

என் மாமனார் சிரித்துவிட்டார். பிறகு பந்தியே சிரித்தது. அண்ணி அழுதுகொண்டே உள்ளே போனாள். விசேஷ நாளில் இப்படிச் செய்யலாமா என்று பின்னால் பலர் கேட்டார்கள். என்னைத் திருடன் என்று அவன் சொன்னதும் விசேஷ நாளில்தான்.

அடுத்த மாதம் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குச் சாமான் வாங்க என்னைக் கூப்பிட்டார்கள்.