பதினொன்றாம் தேதி அழைப்பு

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் பலர், நர்மதா பில் பார்க்கிறாள் என்றாலே ரசீதுகளை ஒருமுறை திரும்ப எண்ணிக்கொள்வார்கள். டீசல் சீட்டையும் துளைபோடும் பிட்டு வாங்கிய ரசீதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுப்பாள். அந்தக் கோட்டுக்குப் பதில் சொல்லாமல் யாரும் அந்த வீட்டுப் படியிறங்கியதில்லை.

கணவன் மதியழகன் நெஞ்சு வலியில் போய் இருபத்திரண்டு நாள் ஆனபோது, சென்னை வக்கீல் ஆபீஸிலிருந்து மின்னஞ்சலில் கட்டண பில் வந்தது, அவன் பெயருக்கே. கிணறு போட்ட கூலியைத் தராத காண்ட்ராக்ட் கம்பெனி மேல் அவன் தொடுத்திருந்த வழக்கு. நாற்பது லட்சம். வண்டிக் கடன் அதை நம்பித்தான் நின்றது. அவன் இறந்ததைச் சென்னைக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நர்மதா அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீனியருக்கு மணிக்குப் பன்னிரண்டாயிரம், ஜூனியருக்கு ஐயாயிரம். ஆறு நிமிஷம் ஒரு அலகு. முன்பணம் மூன்று லட்சத்தில் கழித்துக்கொண்டு வருகிறார்கள். டாக்ஸி, ஜெராக்ஸ் எல்லாம் கைச்செலவு என்று தனியாக. ‘ஆவணம் படித்தல், கடிதம், ஆலோசனை: 5.2 மணி’ என்று மொத்தமாகப் போட்டிருந்த வரிக்கு ஒரு கோடு. எதற்கு எவ்வளவு நேரம் என்று பிரித்துக் கேட்கவேண்டும். ரசீது இல்லாத டாக்ஸிக்கு இன்னொன்று.

அடுத்த வரியில் பென்சில் நின்றது.

‘11ஆம் தேதி. கட்சிக்காரருடன் தொலைபேசியில், சமரசம் பற்றி. 0.7 மணி. ரூ. 8,400.’

மதியழகன் போனது ஒன்பதாம் தேதி. பத்தாம் தேதி காலையில் எரித்தார்கள்.

மின்விசிறியின் சத்தத்துக்கு நடுவே அவன் தொண்டையைச் செருமுவது போலிருந்தது. எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள். அப்போதும் அந்தச் செருமல் நிற்கவில்லை.

ஜூனியர் வக்கீல் பிரவீனாவுக்குப் போன் போட்டாள். செத்ததைச் சொல்லவில்லை.

“மொத்த பில்லுக்கும் சண்டை இல்லைங்க. மூணு வரி மட்டும் கேக்கோணும். பதினொண்ணாந்தேதிப் பேச்சு, தேதி மாறியிருக்குமோ?”

“செக் பண்றேன் மேடம்…” விசைப்பலகையின் தட்டல். “இல்ல மேடம், அன்னைக்கு சார் நம்பருக்கு நாங்கதான் கூப்பிட்டோம். நாற்பத்திரண்டு நிமிஷம். நானும் லைன்ல இருந்தேன். குரல் கொஞ்சம் கம்மியிருந்துது. இருபத்திரண்டு லட்சத்துக்கு முடிச்சுக்கலாம்னு சொன்னார். அதுக்குத்தான் அடுத்த வரி, சமரசப் பத்திரம் தயாரிச்சது, நாலரை மணி. நாளைக்கு எதிர்த்தரப்புக்கு அனுப்பறோம்.”

நர்மதா பேச்சை முடித்துக்கொண்டாள். மதியழகனின் போன் அன்று எங்கே இருந்தது? ரிக் வண்டியின் நெற்றியில் எழுதிய நம்பர் அது. சாவு வீடென்றாலும் கிணறு கேட்டு அடித்துக்கொண்டேயிருக்கும். கொழுந்தன் கதிர்வேல் கையில்தான் இருந்தது.

கூப்பிட்டதும் கதிர்வேல் வந்து தூணோரம் நின்றான். அண்ணன் மாதிரியே குரல். இத்தனை நாளில் அவன் வாசலில் பேசினால்கூட அவள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“கதிரு, வக்கீல்கிட்ட பேசுனது நீதானே?”

அவன் அண்ணியை நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஆமாங்க நங்கையா.”

“அண்ணன் செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா? இருபத்திரண்டுக்குச் சரின்னு சொல்ல மட்டும் வாய் இருந்துச்சாக்கும்?”

“எடுத்ததும் பெரிய வக்கீலு ‘மதியழகன் சார், நல்லா இருக்கீங்களா’ன்னாருங்க. இருக்கறேன்னு வந்துருச்சு. அந்தப் பக்கத்துல அண்ணன் உசுரோட இருந்தாருங்க. போனை வெச்சுட்டா மறுக்காவும் செத்துருவாரு. அதான் பேசிட்டே இருந்தேன். அண்ணன் என்ன சொல்லுவாரோ அதைத்தான் சொன்னேனுங்க.”

“உங்கண்ணனா? கத்திரிக்காய்க்காரன்கிட்டயே எட்டணா உட மாட்டாரு. பதினெட்டு லட்சத்தை உடுவாராக்கும்!” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்து, வராமல் நின்றது.

அன்று மாலையே வக்கீல் ஆபீஸுக்கு எழுதினாள். என் கணவர் ஒன்பதாம் தேதி காலமானார். இறப்புச் சான்றிதழ் இணைத்துள்ளேன். பதினொன்றாம் தேதி பேசியது அவர் அல்ல; அவருடைய பெயரில் சம்மதம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சமரசப் பத்திரத்தை அனுப்ப வேண்டாம். வாரிசுகள் சார்பில் புதிய வக்காலத்தில் கையெழுத்திட வருகிறேன். அழைப்பு, பத்திரம் என்ற இரண்டு வரிகளையும் நீக்குங்கள், 5.2 மணியைப் பிரித்துக் காட்டுங்கள். டாக்ஸி ரசீது வேண்டும். மறுப்பில்லாத மற்ற வரிகளை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

‘காலமானார்’ என்ற சொல்லை அதுவரை அவள் எங்கும் எழுதியதில்லை. அதைத் தட்டும்போது யாரோ தோளுக்குப் பின்னால் படிப்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் அனுப்பினாள்.

நாலாம் நாள் திருத்திய பில் வந்தது. பத்திரம் நிறுத்தப்பட்டது. பத்திரத்துக்கான கட்டணம் தள்ளுபடி. டாக்ஸி இல்லை. 5.2 மணி, உடைத்துப் போட்டதில் நாலாகச் சுருங்கியிருந்தது. அந்த அழைப்பு மட்டும் வரியில் அப்படியே இருந்தது. பிரவீனா வருத்தத்தோடு எழுதியிருந்தாள்: நேரப் பதிவை அழிக்க முடியாது மேடம், கட்டணத்தை மட்டும்தான் எடுக்க முடியும்.

‘11ஆம் தேதி. கட்சிக்காரருடன் தொலைபேசியில். 0.7 மணி. ரூ. 0.’

நர்மதா பென்சிலை எடுத்தாள். கொஞ்ச நேரம் அந்த வரிமேல் பிடித்திருந்தாள். பிறகு கோடு போடாமலே பில்லை மடித்துவைத்து, சென்னை பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.